ஒரு வரிகூடக் குறையாத தமிழ்

அருங்காட்சியகப் பலகைகளில் தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதிகாரியும் மொழி ஆர்வலரும் வேறு எதில் மோதிக்கொண்டாலும் இதில் ஒரே பதிலைச் சொல்வார்கள்: ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ அது அத்தனையும் தமிழிலும் இருக்க வேண்டும், ஒரு வரிகூடக் குறையக் கூடாது. குறைத்தால் அது தமிழனுக்குச் செய்யும் வஞ்சனை.

இந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. ஆங்கிலத்தில் பத்து வரி விளக்கம், தமிழில் வெறும் தலைப்பு என்று பலகை வைத்த காலம் ஒன்று இருந்தது. இன்றும் அப்படிச் சில பலகைகள் நிற்கின்றன. 'பல்லவர் காலம்' என்ற இரண்டு சொல்லோடு தமிழ் வாசகனை அனுப்பிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் சொன்ன பலகைகள் அவை. அதைக் கண்டு கொதித்தவர்கள் கேட்டது சரிநிகர். கிடைத்தது சரியளவு. இரண்டும் ஒன்று என்று நம்பியதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்று பல இடங்களில் தமிழ்ப் பலகை ஆங்கிலத்தின் நீளத்துக்குச் சரியாக இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

ஏன் படிப்பதில்லை என்றால், நம் மக்களுக்கு ஆர்வம் கிடையாது என்று உடனே ஒரு தீர்ப்பு வரும். கூட்டமான ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தில் அரைமணி நேரம் ஓரமாக நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு தாங்காது. சிலைக்கு முன்னால் வந்ததும் குடும்பத்தில் யாராவது ஒருவர் பலகையை வாய்விட்டுப் படிக்கத் தொடங்குவார். பெரும்பாலும் அது பள்ளியில் படிக்கும் பிள்ளை. முதல் வாக்கியத்தின் பாதியில் குரல் இறங்கும், ஏதோ ஒரு நீண்ட வினைச்சொல்லில் நாக்கு தடுக்கும், பிறகு பாட்டியே 'இது நடராசர்டா' என்று முடித்துவைத்து அடுத்த சிலைக்கு நகர்த்திவிடுவார். ஆர்வத்தோடு வந்தார்கள், படிக்கவும் தொடங்கினார்கள். அவர்களை விரட்டியது பலகைதான்.

பேச்சைப் பொதுவில் வைக்காமல் ஒரு சிலையை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பேரழகானது எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். சுமார் மூன்றரை அடி உயரம். ஒரு காலுக்குக் குறுக்கே மற்றொரு காலை வைத்து, ஒரு கையை மடக்கி எதன்மீதோ சாய்த்திருப்பவர் போல நிற்கிறார் சிவன். சாய்ந்த பொருள் இல்லை. அங்கே காளை நின்றிருக்க வேண்டும். இன்று வெறும் காற்றில்தான் அந்தக் கை இருக்கிறது. ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்குக் காளை தெரிகிறது. இதை அந்த ஸ்தபதி திட்டமிட்டிருக்க முடியாது, காலம் செய்த வேலை அது.

இந்தச் சிலைக்கு அங்கே இப்போது என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதல்ல என் பேச்சு. 'முழுமையான மொழிபெயர்ப்பு' என்ற கொள்கைப்படி எழுதினால் எப்படி வரும் என்பதற்குப் பல ஊர்ப் பலகைகளில் கண்ட நடையை வைத்து நானே ஒரு மாதிரி கட்டுகிறேன். நடை உங்களுக்குப் புதிதாக இராது:

'வெண்கலத்தாலான இச்சிற்பமானது ரிஷபவாகனராகச் சித்தரிக்கப்பட்டுள்ள இந்துக் கடவுளான சிவபெருமானைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது. திரிபங்க நிலையில் குறுக்கிட்ட பாதங்களுடன் நின்று கொண்டிருக்கும் இறைவன் தனது ஜடாபாரத்தைத் தலைப்பாகை போன்ற அமைப்பில் கொண்டுள்ளார். தற்போது காணப்படாத ரிஷபத்தின் மீது ஊன்றப்பட்டிருந்ததாகக் கருதப்படும் கரமானது மிகவும் நளினமாக வடிவமைக்கப்பட்டுள்ளது. சோழர் கலையின் உன்னத நிலைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாக விளங்கும் இச்சிற்பம் கி.பி. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகும்.'

இதில் இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் ஆங்கிலத்தை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி டிக் போட்டுவிடுவார். ஆனால் நின்றுகொண்டு படிக்கிறவனை நினைத்துப் பாருங்கள். எதிரே சிலை இருக்கிறது. அது சிவன் என்று அவனுக்குத் தெரியும். அவனிடம் போய் 'இந்துக் கடவுளான சிவபெருமான்' என்கிறது பலகை. வெளியூர்க்காரருக்கு அந்த அறிமுகம் தேவை. அவர் சிவனைக் கேள்விப்பட்டிராதவராக இருக்கலாம். தமிழில் அது வீண், கொஞ்சம் அவமதிப்பும்கூட. 'மிகவும் நளினமாக வடிவமைக்கப்பட்டுள்ளது' என்பது கண் பார்த்துக்கொண்டிருப்பதையே காதில் ஊதுவது. 'தலைசிறந்த எடுத்துக்காட்டு' எந்தச் சிலைக்கும் பொருந்தும், ஆகவே எந்தச் சிலைக்கும் வேண்டாம். இந்தச் சிலையை மற்ற சிலைகளிலிருந்து பிரிக்கும் ஒரே அதிசயம், அந்த இல்லாத காளை, மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பெயரெச்சத்துக்குள் புதைந்து கிடக்கிறது. அதுவரை யார் வரப்போகிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. 'பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது' என்ற பொத்தாம்பொதுவான வரி இந்தச் சிலைக்குத் தேவையே இல்லை. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு இதைப் பற்றிப் பேசுகிறது. ஆண்டு 1011 என்று உறுதியாகச் சொல்லலாம். பக்கத்தில் நிற்கும் உமைக்கு 1012. செய்த ஆண்டு இப்படித் துல்லியமாகத் தெரிந்த சோழர் படிமங்கள் மிகச் சில. அந்த அரிய உறுதியை விட்டுவிட்டு நூற்றாண்டுக் கணக்கில் மழுப்பும் நீண்ட வாக்கியத்துக்கு 'முழுமை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மாதிரியில் 43 சொற்கள். இப்போது சிலையைப் பார்த்துக்கொண்டே எழுதினால் எப்படி வரும்? தலைப்பு 'காளைமேல் கைவைத்த சிவன்' என்று இருக்கட்டும். கீழே:

மடக்கிய கையைப் பாருங்கள்.
அதன் கீழே ஒரு காளை நின்றது;
இன்று அது இல்லை.
சடையைத் தலைப்பாகை போலச்
சுற்றிக் கட்டியிருக்கிறார் சிவன்.
1011-இல், இராஜராஜன் காலத்தில் செய்தது.
திருவெண்காட்டில் மண்ணுக்குள் கிடைத்தது.

24 சொற்கள். இதில் கடைசி வரி ஆங்கிலத்தில் இல்லாமலே போகலாம். நான் அதை வேண்டுமென்றே சேர்த்தேன். தமிழ்ப் பார்வையாளர் இத்தகைய சிலை முன் நின்றதும் கேட்கும் முதல் கேள்வி திரிபங்கத்தைப் பற்றியதல்ல. 'சாமி ஏன் கோயிலில் இல்லாமல் இங்கே இருக்கிறது?' என்பதுதான். கேள்வியில் ஒரு வருத்தமும், கொஞ்சம் குற்றச்சாட்டும் இருக்கும். நிலத்துக்கடியில் கிடைக்கும் இத்தகைய படிமங்கள் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசிடம் வருகின்றன. அருங்காட்சியகங்களுக்குப் பல சிலைகள் வந்த வழி அதுதான். இதை எந்த ஆங்கிலப் பலகையும் முதன்மையாகச் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் ஆங்கில வாசகர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தமிழ்ப் பலகை சொல்லியாக வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பில் இந்த வரி ஒருநாளும் வராது. சரியளவை வற்புறுத்துகிறவர்கள் தமிழ் வாசகருக்கு எதையும் இழக்கவிடக் கூடாது என்கிறார்கள். அவருக்கு உண்மையில் வேண்டியதை அவர்கள் கொள்கையே அடைத்துவிடுகிறது.

இங்கே எதிர்த்தரப்பு தன் வலுவான வாதத்தை எடுக்கும். 'திரிபங்கம் எங்கே? பாதத்தின் நிலை எங்கே? சிற்பக்கலை படிக்கும் மாணவன் எங்கே போவான்?' நல்ல கேள்வி. பதில்: பட்டியல் நூலுக்குப் போவான். சென்னை அருங்காட்சியகத்தின் உலோகப் படிமங்களுக்கு எஃப். எச். கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் 1932-இலேயே ஆங்கிலத்தில் பட்டியல் நூல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு படிமத்தின் கை, ஆயுதம், மகுடம், பீடம் எல்லாம் வரிசையாக வரும் அது, நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் ஆய்வாளருக்கு அருமையான நூல். அந்தப் பட்டியல் நடைதான் பின்னால் ஆங்கிலப் பலகைக்கு இறங்கியது என்பது என் எண்ணம். அங்கிருந்து தமிழ்ப் பலகைக்கு மொழிபெயர்ந்தது. ஆக, இரண்டு தடவை இடம் மாறிய ஒரு நடையை, அது எங்கே பிறந்தது என்று கேட்காமல், தமிழனின் உரிமை என்று தூக்கிப் பிடித்திருக்கிறோம். தமிழில் அப்படி ஒரு முழுமையான பட்டியல் நூல் வேண்டும் என்று போராடினால் நான் முதல் வரிசையில் நிற்பேன். ஓர் அட்டையில் அச்சடித்து கூடத்தின் மூலையில் பெட்டியில் வைத்தாலும் போதும். வேண்டியவர் எடுத்துப் படிப்பார். சிலையின் காலடியில் உள்ள ஒரு சாண் இடத்தில் அந்த நூலைக் கொட்ட வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

இந்த நடைக்கு வக்காலத்து வாங்குவோர் சொல்லும் அடுத்த காரணம் கண்ணியம். சின்னச் சின்ன வாக்கியம் எழுதினால் அரசுப் பலகைக்கு மதிப்பு இருக்காதாம், பேச்சுத் தமிழ்போல ஆகிவிடுமாம். தமிழுக்குச் சுருக்கம் ஒவ்வாது என்று சொல்கிறவர் தஞ்சைப் பெரிய கோயில் சுவரை ஒருமுறை நிதானமாகச் சுற்றி வரலாம். கோயிலுக்கு வந்த திருமேனிகள் அங்கே கல்லில் பதிவாகியிருக்கின்றன: கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா, எத்தனை கை, பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை விரல் உயரம், கொடுத்தவர் யார். முடிந்தது. உன்னதம், நளினம், தலைசிறந்த என்ற பேச்சே கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசனின் கணக்கனுக்கு இருந்த துணிச்சல் இன்று நமக்கு இல்லை.

இதோடு ஒட்டிய ஒரு வியாதியையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து வேஷம் மாறித் திரும்பி வருகிறது. நடராசர் காலடியில் கிடப்பவன் முயலகன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலப் பலகை அவனுக்கு வடமொழிப் பெயரைப் போடும். தமிழாக்குகிறவர் அதை அப்படியே 'அபஸ்மாரா' என்று எழுதி இறக்குவார். பின்னால் சுடர்விடும் வட்டம் நமக்குத் திருவாசி. பலகையில் அது 'பிரபாவளி' ஆகியிருக்கும், இன்னும் மோசமாக 'நெருப்பு வளையம்'. மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையைச் சுவாமிமலையில் இன்றும் செய்கிறார்கள். மெழுகு வார்ப்பு என்றால் போதும். ஆங்கிலத் தொடரை எழுத்துக்கு எழுத்து பெயர்த்து 'இழந்த மெழுகு முறை' என்று போட்டால், எதை யார் இழந்தார்கள் என்று பிள்ளை கேட்கும்.

மரியாதை பற்றி வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆங்கிலத்தைப் பின்தொடர்வது வெளிப்படையாகவே தோற்கிறது. ஆங்கிலம் சிலையை அஃறிணையாகப் பேசிவிட்டுப் போகலாம். தமிழில் வினைமுற்று போட்டவுடனே நீங்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: சிவன் நிற்கிறாரா, நிற்கிறதா? அருங்காட்சியகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் 'இச்சிற்பம் நின்று கொண்டிருக்கிறது' என்பது உறைக்கும். எல்லாவற்றையும் 'எழுந்தருளியுள்ளார்' என்று எழுதினால் அது கோயில் அறிவிப்பு. என் வழக்கம் இது: உருவத்தைப் பற்றிப் பேசும்போது 'நிற்கிறார்', செய்த பொருளைப் பற்றிப் பேசும்போது 'சிலை கிடைத்தது'. மேலே எழுதிய ஏழு வரியில் 'கட்டியிருக்கிறார்', 'கிடைத்தது' என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, படிக்கிறவருக்கு இடறுவதில்லை. உமைக்கு 'நிற்கிறாள்' போடுவதா 'நிற்கிறார்' போடுவதா என்பதில் எனக்கே கட்சி உண்டு. அம்மனை நாம் 'ஆள்' விகுதியில்தான் நெருக்கமாகப் பேசுகிறோம். ஆனால் பொதுப் பலகையில் சிவனுக்கு 'ஆர்' கொடுத்துவிட்டு உமைக்கு மட்டும் 'ஆள்' கொடுத்தால் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், அவர்கள் கோபம் நியாயமும்கூட. இருவருக்கும் 'ஆர்'. முயலகனுக்கு மட்டும் 'ஆன்'. இந்த விஷயம் எதுவும் ஆங்கில மூலத்தில் இல்லை. மூலத்தில் இல்லாததை எந்த மொழிபெயர்ப்பு விசுவாசம் உங்களுக்குச் சொல்லித்தரும்?

சிலையை விட்டு வாசலுக்கு வாருங்கள். அறிவிப்புப் பலகைகளில் மரியாதை என்றாலே 'தயவு செய்து', 'அன்புடன்', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று நினைக்கிறோம். பொருட்கள் வைக்கும் அறைக்கு வெளியே இப்படி ஒரு பலகை எந்த ஊரிலும் கிடைக்கும்: 'பார்வையாளர்கள் தங்களது உடைமைகளைப் பாதுகாப்பு அறையில் ஒப்படைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' யார் கேட்டுக்கொள்கிறார்? யாருமில்லை. பார்வையாளர்கள் என்று மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல நம்மிடமே பேசுகிறது. அன்பு என்ற சொல் இருந்தும் அதில் துளி அன்பு இல்லை. அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ அதையே சரியாகச் சொல்வார்: 'பையை இங்க குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க.' எழுத்தில் கொண்டுவந்தால், 'பைகளை இங்கே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள்.' எங்கே, எதை, பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பது மூன்றும் இருக்கிறது. மரியாதை அந்த 'ங்கள்' விகுதியிலேயே இருக்கிறது. தனியாக வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. ஆங்கில வினைக்கு மரியாதை விகுதி கிடையாது, அதனால் அவர்கள் தனிச்சொல் போட்டாக வேண்டும். நமக்கு என்ன தலையெழுத்து?

'தயவு செய்து' அறவே கூடாது என்பதல்ல. ஒரு வளாகத்தில் ஒரு பலகையில் இருந்தால் அது கேட்கும். பதினைந்து பலகையிலும் இருந்தால் அது எழுத்தாக இராது, ஓரத்துக் கோலமாகிவிடும்.

தடைப் பலகைகளில் நான் கேட்பது இன்னும் கொஞ்சம் அதிகம். 'தொடாதீர்கள்' என்பது மரியாதையான சொல்தான். ஆனால் காரணம் ஒன்று சேர்ந்தால்தான் கை நிற்கும். 'சிலைகளைத் தொடாதீர்கள். கையின் வியர்வை உலோகத்தை அரிக்கும்.' இது ஆறு சொல். சுவரோவியத்துக்கு வேறு காரணம் வேண்டும்: 'கை பட்ட இடத்தில் வண்ணம் உதிரும்.' ஒரே பலகையை எல்லா இடத்துக்கும் அச்சடித்து மாட்டும்போது இந்த வேறுபாடு போய்விடுகிறது. அதேபோல, 'இதற்கு மேல் அனுமதி இல்லை' என்று மட்டும் எழுதிய பலகை பாதிப் பலகை. பிறகு எந்தப் பக்கம் போவது? 'இந்த வழி மூடியிருக்கிறது. இடப்பக்கப் படியில் ஏறுங்கள்' என்றால் காவலாளியின் தொண்டையும் மிச்சம்.

சட்டப் பலகையை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் வாசலில் தொல்லியல் துறை வைக்கும் நீலப் பலகை 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரால் பேசுகிறது; சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதைச் சுருக்கினால் வழக்கு நிற்காமல் போகலாம், அதனால் அது முழுசாகவே இருக்கட்டும். ஆனால் சட்டப் பலகையின் குரலில் கழிப்பறைக்கு வழி சொல்லும் பழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்கள்? 'மீறுவோர் தண்டிக்கப்படுவர்' என்பதைச் செருப்பு விடும் இடத்தில்கூடப் பார்த்திருக்கிறேன்.

செருப்பு என்றதும் ஒன்று. அந்தச் சொல்லை எழுதக் கூச்சப்பட்டு 'காலணிகள்', 'பாதணிகள்' என்று போடுகிறார்கள். காலணி பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் 'செருப்பை இங்கே விடுங்கள்' என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மரியாதை பெயர்ச்சொல்லில் இருப்பதாக நினைக்கிறவர்கள்தான் 'காலணிகளைக் கழற்றவும்' என்று கட்டளை போட்டுவிட்டு நாகரிகமாக எழுதிவிட்டதாகத் திருப்திப்படுகிறார்கள்.

கடைசியாக ஒரு தொழில்நுட்ப வாதம் வரும். 'தமிழ் நீளமான மொழி சார். என்ன எழுதினாலும் ஆங்கிலத்தைவிட இடம் பிடிக்கும். அதனால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருக்கிறது.' இது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. சொல் எண்ணிக்கையில் தமிழ் குறைவு. ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் முன்னிடைச்சொற்கள் நம்மிடம் வேற்றுமை உருபாகப் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் ஆறு சொல் பிடிக்கும் தொடாதே பலகை தமிழில் 'சிலைகளைத் தொடாதீர்கள்' என்று இரண்டே சொல். ஆனால் அந்த இரண்டும் அகலமானவை. ஒரு பொருளுக்கு ஐம்பது சொல் என்று அருங்காட்சியக உலகில் ஓர் உத்தேசக் கணக்கு புழங்குகிறது. அதை அப்படியே தமிழுக்கு எடுத்தால் பலகை நிரம்பி வழியும். தமிழில் முப்பது, முப்பத்தைந்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. பலகையின் அளவை ஆங்கிலத்துக்கு அளந்து வெட்டிவிட்டு, மிஞ்சிய இடத்தில் தமிழைத் திணிக்கிறார்கள். எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குகிறார்கள், புள்ளி கரைந்துவிடுகிறது. வரி இடைவெளியைக் குறைக்கிறார்கள். மேல் வரியின் 'கு', 'மூ' எல்லாம் கீழே இறங்கி, கீழ் வரியின் 'கி', 'தீ' மேலே ஏறி, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ரோமன் எழுத்துக்கு வைக்கும் இடைவெளி தமிழுக்குப் போதாது என்பது அச்சுக்கோத்தவர்களுக்குத் தெரிந்த பழைய சங்கதி. கணினியில் அமைப்பவர் பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதற்கு ஸ்வீடனிலிருந்து ஒரு நல்ல வழி கிடைக்கிறது. மார்கரேத்தா ஏகார்வ் என்ற எழுத்தாளர், பெரியவர்கள் எளிதாகப் படிக்கும் நூல்களை எழுதி வந்தவர், ஸ்டாக்ஹோம் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு 1980-களில் பலகைகள் எழுதினார். அவர் விதி மிக எளிது: ஒரு வரியில் சுமார் 45 எழுத்துக்கு மேல் வேண்டாம், பேசும்போது மூச்சு எங்கே நிற்குமோ அங்கே வரியை முடி. பத்தியாக நிரப்பாதே, வரிவரியாக இறக்கு. ரிஷபவாகனருக்கு நான் எழுதிய ஏழு வரியை அந்த முறையில்தான் உடைத்திருக்கிறேன். இது தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிகமாகப் பொருந்துகிறது. நம் சொற்கள் நீளம் என்பதால், பத்தியை இருபக்கமும் சமமாக நிரப்பும்போது சொல்லுக்குச் சொல் பள்ளம் விழுகிறது, இல்லையென்றால் 'கட்டியிருக்' ஒரு வரியிலும் 'கிறார்' மறுவரியிலும் போய் விழுகிறது. மூச்சுக்கு ஒரு வரி என்று வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. வாய்விட்டுப் படிக்கும் பிள்ளைக்கு நிறுத்த வேண்டிய இடமும் தானாகத் தெரியும்.

ஒரு பலகை வேலை செய்கிறதா என்று அறிய நிபுணர் குழு தேவையில்லை. படிக்கிறவரின் கண்ணைப் பார்த்தால் போதும். படித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் கண் எழுந்து சிலைக்குப் போய், திரும்பப் பலகைக்கு வந்தால் எழுத்து வேலை செய்கிறது. கடைசி வரை தலை குனிந்தே இருந்தால் அவர் தேர்வுக்குப் படிக்கிறார். முதல் வரியிலேயே கண் நழுவினால் அந்தப் பலகையை மாற்றுங்கள். இதை அக்ரிலிக்கில் அடித்த பிறகோ கருங்கல்லில் வெட்டிய பிறகோ பார்த்துப் பயனில்லை. சாதாரணத் தாளில் அச்சடித்து, அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில் சில நாள் வைத்துப் பார்க்க ஆகும் செலவு ஒரு டீச் செலவு.

ஆனால் இப்போதைய ஏற்பாட்டில் அதற்கு இடமே இல்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆங்கில வாசகம் முதலில் முடிவாகி ஒப்புதல் பெறும். பிறகு கணினிக் கோப்பாக ஒரு மொழிபெயர்ப்பாளருக்குப் போகும். அவர் வேறு ஊரில் இருப்பார். சிலையைப் பார்த்திருக்க மாட்டார். புகைப்படம்கூடச் சில சமயம் வராது. கூலி சொல்லுக்கு இவ்வளவு அல்லது பக்கத்துக்கு இவ்வளவு. குறைத்து எழுதினால் கூலியும் குறையும், 'விட்டுவிட்டீர்கள்' என்று குறிப்பும் திரும்பி வரும். இந்த நிலைமையில் எந்தப் பைத்தியக்காரர் சுருக்கி எழுதுவார்? அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. மாற வேண்டியது வேலை கொடுக்கும் தாளில் உள்ள மூன்று வரி. கூலி பலகைக்கு இவ்வளவு என்று இருக்கட்டும், சொல்லுக்கு வேண்டாம். எழுதுகிறவர் கூடத்துக்கு வந்து பொருளைப் பார்க்கப் பயணப்படி கொடுக்கட்டும். 'ஆங்கில வாசகத்தின் மொழிபெயர்ப்பு' என்று இருக்கும் இடத்தில் 'பொருள் பற்றிய தமிழ் வாசகம், 35 சொல்லுக்கு மிகாமல்; ஆண்டும் இடமும் பெயரும் ஆங்கிலத்தோடு ஒத்திருக்க வேண்டும், மற்றவை எழுதுபவர் விருப்பம்' என்று இருக்கட்டும். சரிபார்ப்பவர் டிக் போட வேண்டியது அந்த மூன்றுக்கு மட்டும்தான்.